நாலு புள்ளி இடம்

பண்டிகையன்று விடிய அரைமணி இருக்கும்போதே சின்ன மகள் மாடிக் கைப்பிடிக் கம்பியில் ஒரு கவ்வியை மாட்டி, அதில் செல்போனைச் செருகி, வாசலைப் பார்த்துக் குனிய வைத்துவிட்டாள். வாசல் தெளித்ததே அதற்குப் பிறகுதான். கிழவருக்கு அங்கேயே பிடிக்கவில்லை.

"நடுவுல எவனாவது கூப்பிட்டா?"

"சிக்னலை அமத்தியாச்சுப்பா. ரெண்டு செகண்டுக்கு ஒரு போட்டோ அதுவா எடுக்கும். ஒரு மணி நேர வேலை ஒரு நிமிஷத்துல ஓடும்."

"அவ்வளவு அவசரம் யாருக்கு?"

"அக்காவுக்கு. அம்மா கோலத்தைப் பாக்கணும்னு அழுதா."

பெரியவள் கடல் தாண்டி இருக்கிறாள். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சாவுக்கு வந்து போனவள் அதன் பிறகு வரவில்லை. கிழவர் பால் தூக்கை எடுத்தார்.

"வரும்போது பக்கத்துச் சந்து வழியா வாங்க. வாசல்ல கால் வெச்சா அத்தனையும் போச்சு."

"எனக்கென்ன புத்தி கெட்டா போச்சு?"

போகும்போது பார்த்தார். தண்ணீர் வடிந்து தரை வெறும் ஈரமாக இருந்தது. சொட்டச் சொட்ட இருந்தால் மாவு கரையும், காய்ந்துவிட்டால் பறக்கும். நடுவில் பதினைந்து புள்ளி. அடுத்த வரிசை அதன் இடுக்குகளில் பதினான்கு. அப்படியே இரண்டு பக்கமும் எட்டுவரை குறைந்தது. அம்மாவின் பழைய கோல நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் வைத்தாள். தன் தலை படத்தை மறைக்காமல் இருக்க ஓரமாக உட்கார்ந்து, பின்பக்கமாகவே நகர்ந்தாள்.

பால் கடையில் கூட்டம். திரும்பி வரும்போது வெளுத்துவிட்டது. தூக்கு தளும்பாமல் பார்த்துக்கொண்டே கேட்டைத் திறந்தார், ஒரு எட்டு வைத்தார், அடுத்த எட்டில் படி ஏறினார்.

"அப்பா!"

ஓர் அலறல். அப்போதுதான் தான் எந்த வழியாக வந்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

"ஒண்ணு சொன்னேனே, ஒண்ணே ஒண்ணு! விடியக்கால வெளிச்சம் போயிடுச்சு, மறுபடி எடுக்க முடியாது. அதுவும் அந்தச் சூன்யத்துலயே மிதிச்சிருக்கீங்க."

"எதுல?"

அவள் போனைக் கழற்றி வந்து, படத்துக்குக் கீழே போட எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். "தொடக்கமும் முடிவும் இல்லாத கோடு, வாழ்க்கை. அம்மா வேண்டுமென்றே கோடு சுற்றாமல் விட்ட நாலு புள்ளி, எல்லாம் பிறந்து ஒடுங்கும் வெட்டவெளி."

கிழவர் தூக்கைத் தரையில் வைத்தார். "உங்கம்மாவா சொன்னா?"

"நோட்டுல அந்த நாலு புள்ளியைச் சுத்திக் கோடே இல்லை. வேற என்ன அர்த்தமா இருக்கும்?"

"அது என் கால் அளவுடி."

அவர் அச்சகத்தில் இரவு வேலை பார்த்த ஆள். ஒரு பண்டிகை விடியலில், கல்யாணமான புதிதில், மசி அப்பிய செருப்போடு கோலத்தின் குறுக்கே நடந்து உள்ளே போனார். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் கோலம் சுவரிலிருந்து சுவர்வரை இருந்தது. கேட்டிலிருந்து ஓர் எட்டில், வலப்பக்கம் மட்டும், நாலு புள்ளி சும்மா கிடந்தது. அவரும் கேட்கவில்லை. மிதித்து ஏறினார். முப்பத்தோரு வருஷம்.

"இத்தனை நாளா சொல்லலையே. திட்டு வாங்கினதும் கதை வருதாக்கும்?"

"நம்பாதே போ. ஆனா அவ பேர்ல பொய் எழுதி ஊருக்குக் காட்டாதே."

முகத்தைத் தூக்கிக்கொண்டே அவள் படத்தை ஓடவிட்டாள். புள்ளிகள் மழைபோல் கொட்டின. கோடு பாம்பாய் நெளிந்து, புள்ளிகளைச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டது. தெருவிளக்கு அணைந்து தரை நீலமாகி, பிறகு சாம்பலானது. கடைசியில் ஏதோ வெள்ளையாக வெட்டி மறைந்தது.

"இதோ, நீங்க. வெட்டி எறிஞ்சா ஆச்சு."

வெட்டுவதற்காக ஒவ்வொரு படமாய்ப் பின்னால் தள்ளினாள். மூன்றே படம். கேட்டில் கிழவர். படியில் கிழவர். நடுப்படத்தில் அவர் கண் பால் தூக்கில் இருந்தது. வலது செருப்பு நாலு புள்ளிக்குள் அச்சாய் உட்கார்ந்திருந்தது. சுற்றியிருந்த கோட்டில் ஓரிடத்தில்கூட மாவு கலையவில்லை.

அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கீழே பாக்கவே இல்லையேப்பா நீங்க."

"எதுக்குப் பாக்கணும்? அவ இடம் விட்டிருப்பானு தெரியும்."

சொல்லிவிட்டு அவர் குனிந்தார். தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பாலை அவரே அடுப்பில் வைத்தார்.

அவள் எதையும் வெட்டவில்லை. எழுதி வைத்ததை அழித்துவிட்டு வேறு எழுதி, அடுப்படி வாசலில் நின்று படித்தாள். "அம்மாவின் கோலம். பதினைந்து புள்ளி, எட்டு வரை. காலியாக இருப்பது அப்பா கால் வைக்க."

"சரியாப்பா?"

"வலது கால்னு போடு," என்றார் கிழவர்.