டாலர் தவணை

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் தொழில் செய்கிற தம்பி, அக்கா வீட்டுப் படியேறி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தன் மகளின் படிப்புக் கடனுக்கு அக்காவின் வீட்டை ஈடாகக் கேட்டுத்தான் இப்போது வந்தான். அவன் வீடு ஏற்கெனவே வேறு கடனில் இருந்தது.

"அதுக்கென்னடா, நான் கையெழுத்துப் போடாம வேற யாரு போடுவா?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பழையதை மறக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்கு டாலர் கடன் வாங்கிக் கொடுத்தது இவன்தான். "நாலு சதவீதம் வட்டி குறைச்சல்க்கா, கண்ணை மூடிக்கிட்டு எடு" என்றான். மகள் படித்து முடித்தாள். அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்து, இங்கத்திய பணத்தில் சம்பளம் வாங்குகிறாள். தவணை அதே ஐந்நூறு டாலர்தான். ஆனால் நம் பணம் சரியச் சரிய, அன்றைக்கு நாற்பதாயிரமாக இருந்தது இன்றைக்கு ஐம்பதாயிரம். குறைந்த வட்டியின் லாபமெல்லாம் அதிலேயே கரைந்து போயிற்று. கேட்டபோது, "இப்படி ஆகும்னு எனக்கு மட்டும் எப்படிக்கா தெரியும்?" என்று கையை விரித்தான் தம்பி. அந்தக் கடனை வாங்கிக் கொடுத்ததற்கு அவனுக்குக் கிடைத்த கமிஷனைப் பற்றி மூச்சு விடவில்லை.

அக்கா இழுத்தடித்தாள். ஒரு தடவை காய்ச்சல் என்றாள், இன்னொரு தடவை வரி ரசீது காணோம் என்றாள். கல்லூரிக்குப் பணம் கட்டக் கடைசி நாளன்றுதான் வங்கிக்கு வந்தாள்.

மேலாளர் காகிதத்தை நீட்டினார். பேனாவைத் திறந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏன்டா, இது நம்ம பணத்துக் கடனா? டாலர்லன்னா வட்டி குறைச்சலாச்சே?"

"ஐயோ, அது வேண்டாம்க்கா" என்றான் அவசரமாக. "பிள்ளை திரும்பி வந்துட்டா யாரு டாலர்ல சம்பாதிக்கிறது? இதுல வட்டி கூடன்னாலும் தவணை ஏறாது."

சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

"அப்போ தெரிஞ்சேதான் என் பிள்ளையை மாட்டிவிட்டிருக்கே."

பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"அக்கா, இன்னைக்கு நான் யாரைத் தேடிப் போவேன்?"

"அதுக்காகத்தான்டா இன்னைக்கு வந்தேன்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவன் மகள், "அத்தை..." என்றாள். பாவமறியாத பிள்ளை. அக்காவுக்கு ஒரு நொடி கால் தயங்கியது. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இரண்டு கரண்டி கூடப் போட்டுச் சாப்பிட்டாள்.

"மாமாவுக்குப் பண்ணினது சரிம்மா" என்றாள் மகள். "அவர் பொண்ணு என்ன பண்ணினா?"

"நீ என்ன பண்ணினே?" என்று திருப்பிக் கேட்டாள் அம்மா.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அக்கா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.