தேர்வு வாரத்துத் தூக்கத்துக்கு எட்டுப் படங்கள்

காலை ஐந்து மணித் தேர்வில் சுபலட்சுமி ஒரே வரியை மூன்று முறை எழுதியிருந்தாள். ‘டி.என்.ஏ.வின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் அமைந்துள்ளன.’ மூன்றாம் முறை வரி முடியவில்லை. பேனா கோடாக இழுத்துக்கொண்டு தாளின் ஓரம்வரை போயிருந்தது.

ஆரணியில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ உயிரியல் எடுப்பவள் அமலா. தெள்ளாரிலிருந்து வந்து ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சென்டரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். அந்தத் தாளைப் பார்த்த அன்றே, தூக்கத்தைப் பற்றி ஒரு கேரசல் போடுவது என்று முடிவு செய்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசையைப் பிள்ளைகள் கடைசிவரை பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நீல வானம், நிலா, நட்சத்திரம் எல்லாம் வைத்து அழகாகத்தான் செய்தாள். எட்டு மணி நேரம் தூங்குங்கள், அமைதியான இருட்டறையில் படுங்கள், போனைத் தொடாதீர்கள், டீயைத் தவிருங்கள். பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல். விருப்பம் போட்டவர்கள் பத்தொன்பது பேர். சேமித்து வைத்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி அமலா. கீழே ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘மிஸ், அமைதியான அறை எங்க வாடகைக்குக் கிடைக்கும்?’

அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்தை மூடினாள், மறுபடி திறந்தாள். யோசிக்க யோசிக்க, பையன் கேட்டதில் தவறில்லை என்று பட்டது.

மறுநாள் மாலை வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தாள். பெயர் வேண்டாம். எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய், தூக்கத்தைக் கெடுத்தது எது?

முப்பத்தொரு பேர் ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. வீட்டில் பவர்லூம் தறி பதினொன்றரை வரை ஓடுகிறது என்று ஒன்பது பேர். ராத்திரி எட்டு மணிக்கு டீ குடித்தால்தான் படிக்க முடிகிறது என்று சிலர். படுத்த பிறகு நண்பர்கள் குழுவில் சந்தேகம் கேட்டுக் கேட்டு மணி ஒன்றாகிறது என்று சிலர். ஆனால் இருபத்தாறு பேர் எழுதியிருந்தது ஒரே காரணம்: ‘அஞ்சு மணி டெஸ்ட்.’ பெரணமல்லூரிலிருந்து அப்பாவின் பைக்கில் வரும் பிள்ளைகள் மூன்றரைக்கே எழுந்துகொண்டிருந்தார்கள்.

நிலாவையும் நட்சத்திரத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு அமலா முதலிலிருந்து ஆரம்பித்தாள். எட்டே படங்கள், படத்துக்கு ஓரிரு விஷயம், போனைக் கை நீட்டிப் பிடித்தாலும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. முதல் படத்தில், ‘எட்டு மணி நேரம் முடியலையா? இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு மாத்து.’ முடித்ததும், பள்ளி முகாமில் பழக்கமான டாக்டர் கீதாவுக்கு அனுப்பினாள். மதியம் டாக்டரே கூப்பிட்டார்.

“நல்லாருக்கு அமலா. ரெண்டு எடத்துல மட்டும் மாத்துங்க. தூக்கம் வரலன்னா கண்ண மூடிகினு அப்படியே கெடன்னு போட்டிருக்கீங்க. அது வேணாம். இருவது நிமிஷம் போல ஆயிடுச்சின்னா எழுந்து மங்கலான வெளிச்சத்துல சும்மா உக்காரட்டும். தூக்கம் வந்ததும் போய்ப் படுக்கட்டும்.”

“சரிங்க டாக்டர். இன்னொண்ணு?”

“காதுல பஞ்சு. அது தறிச் சத்தத்த அவ்வளவா தடுக்காது, உள்ள போய் மாட்டிகினாலும் பேஜாரு. தறிக்குத் தூரமா தலைய வெச்சிப் படுக்கட்டும், ஃபேன் சத்தம் கொஞ்சம் மறைக்கும். முடிஞ்சா தறிய எப்ப நிறுத்துறதுன்னு வீட்ல பேசச் சொல்லுங்க.”

திருத்தினாள். டீ நான்கு மணிக்கு மேல் வேண்டாம். பள்ளி இல்லாத நாளில் பகல் தூக்கம் இருபது நிமிடம், மூன்று மணிக்குள். படுக்க அரைமணி முன்னால் போன் அடுத்த அறையில், அலாரத்துக்குச் சாதாரணக் கடிகாரம். நாளைக்குப் படிக்க வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் படு. படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றாதே, தினம் பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டு வா. எழும் நேரம் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

எட்டாவது படத்தில் இப்படி எழுதினாள்: ‘நாங்களும் ஒன்று மாற்றுகிறோம். இனி காலைத் தேர்வு ஆறரை மணிக்கு.’

அதைப் பார்த்ததும் சென்டர் நடத்தும் மாணிக்கவேல் போனை மேசைமேல் வைத்தார்.

“என்னம்மா இது? யாரக் கேட்டுப் போட்ட?”

“இன்னும் போடல சார். உங்களக் கேக்கத்தான் எடுத்துகினு வந்தேன்.”

“அஞ்சு மணி டெஸ்ட்டுக்குத்தான் பெத்தவங்க இங்க சேக்கறாங்க. அத எடுத்தா சென்டருக்கு என்ன பேரு இருக்கும்? அந்த ஒண்ண மட்டும் தூக்கிடு, மத்தத ஜல்தியா போடு.”

“அத தூக்கினா மத்த ஏழும் பொய்யாயிடும் சார். மூணரைக்கு எழுப்பிவுட்டுட்டு நல்லா தூங்குன்னு சொன்னா பசங்க சிரிப்பாங்க. ஏற்கெனவே சிரிச்சிட்டாங்க.”

அமலா துண்டுச்சீட்டுகளை மேசையில் பரப்பினாள். காலைத் தேர்விலும் மாலைத் தேர்விலும் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்களைப் பக்கத்தில் வைத்தாள். பெரும்பாலோருக்கு மாலையில் கூடுதலாக இருந்தது.

“பாடம் வேற வேறயா இருக்கும்,” என்றார் அவர்.

“இருக்கலாம் சார். நான் இதையே சாட்சின்னு சொல்லல. இதப் பாருங்க.”

சுபலட்சுமியின் தாளை நீட்டினாள். மாணிக்கவேல் மூன்று வரிகளையும் படித்தார். பேனா இழுத்த கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போய், அது தாளை விட்டு வெளியேறிய இடத்தில் நிறுத்தினார். அந்தப் பெண் முதல் பெஞ்சில் உட்காருபவள். தொண்ணூறுக்குக் கீழே இறங்காதவள்.

“ஒரு வாரம் பாக்கலாம்,” என்றார்.

“ரெண்டு வாரம் சார். ஒரு வாரத்துல உடம்பு பழகாது.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அமலா நாற்காலியை விட்டு எழவில்லை.

“சரி. ரெண்டு வாரம்.”

பள்ளி விடுகிற நேரம் பார்த்து, நாலரைக்குப் போட்டாள். ஐந்தாவது நிமிடம் முதல் செய்தி வந்தது: ‘மிஸ், பகல்ல 20 மணி நேரம் தூங்கணுமா? எனக்கு ஓகே.’ அமலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிடம் என்பதற்குப் பதிலாக மணி நேரம் என்று இருந்தது. போட்ட பதிவில் குறிப்பைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. மொத்தப் பதிவையும் நீக்கினாள், படத்தைத் திருத்தினாள், எல்லா எழுத்தையும் வாய்விட்டுப் படித்தாள், மறுபடி போட்டாள். அதற்குள் பழைய படம் பையன்களின் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பே புதியதைப் பார்க்க ஆள் கூட்டி வந்தது. மறுநாள் காலைக்குள் முந்நூற்றுச் சொச்சம் பேர் சேமித்திருந்தார்கள்.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. ‘இங்கே செல்லம் கொடுக்கிறார்கள்’ என்று சொல்லி இரண்டு பையன்களின் பெற்றோர் அவர்களை வேறு சென்டரில் சேர்த்துவிட்டார்கள். டீயை யாரும் அவ்வளவு சுலபமாக விடவில்லை. குழுவில் மட்டும், பத்து மணிக்கு மேல் சந்தேகம் கேட்பதில்லை என்று பிள்ளைகளே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வாரம் ஒருநாள் தேர்வு முடிந்து சுபலட்சுமி மேசையருகே வந்து நின்றாள்.

“மிஸ், அந்தத் தறிப் படத்த அப்பாக்கு அனுப்பினேன். ரெண்டு நாளு எப்பவும்போல ஓட்டினாரு. அப்புறம் பத்து மணிக்கே நிறுத்திட்டாரு. பரீட்ச முடியிறவரைக்கும் அப்படித்தானாம். இப்ப சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது மிஸ்.”

அமலா சிரித்துவிட்டாள். “அப்ப என்ன பண்ற?”

“எழுந்து உக்காந்துக்கறேன். ரெண்டு நாளா சீக்கிரம் வந்துடுது.”

இரண்டு வாரம் முடிந்த சனிக்கிழமை அமலா மாணிக்கவேலின் அறைக்குப் போனாள். கையில் புதிய மதிப்பெண் பட்டியலும், பிள்ளைகள் இம்முறை பெயரோடு எழுதிய சீட்டுகளும். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்கள் இப்போது பதினான்கு பேர். அவர் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை; ஆறரைத் தேர்வில் யாரும் தூங்கி வழியாததை அவரே பார்த்திருந்தார். பொதுத்தேர்வு முடியும்வரை ஆறரையே இருக்கட்டும் என்றார்.

“இன்னும் பதினாலு பேரு இருக்காங்க சார்,” என்றாள் அமலா. “அவங்க வீட்டுக்கு நானே போய்ப் பேசிட்டு வரேன்.”

பெரணமல்லூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.