கடைசி பெஞ்சுக்கு மூன்று சுழி

எங்கள் கல்லூரித் திரைப்படக் கழகத்தில் மொத்தம் ஏழு பேர். அதில் மூன்று பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். நான் தொழில்நுட்பச் செயலாளர். புரொஜெக்டர் கேபிளை எந்தத் துளையில் செருக வேண்டும் என்று தெரிந்திருந்ததால் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

என் அக்கா படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவள். இதுவரை எழுதியதெல்லாம் மிக்ஸி விளக்கப் படங்கள். நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு முழுநீள வெளிநாட்டுப் படத்துக்கு எழுதி முடித்து, சப்டைட்டில் நிறுவனம் ஒன்றுக்கு வேலை கேட்டு அனுப்பியிருந்தாள். அந்த நிறுவனத்தின் தலைமை எடிட்டர் மேடம் ஒரே வரியில் பதில் போட்டார்: "தாளில் நன்றாக இருக்கிறது, ஆட்களோடு உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்." சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் கழகத்தில் திரையிடுவதாக ஏற்பாடு. அக்காவுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் எங்கள் கருத்தரங்க அறையின் கையில் இருந்தது. அந்த அறையை நம்பி இதுவரை யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை.

"சப்டைட்டில் ஸ்டைல் எல்லாம் நீ பார்த்துக்கோ. வார்த்தையை மட்டும் தொடாதே," என்றாள் அக்கா.

"தொட மாட்டேன். படிச்சதே இல்ல."

என் லேப்டாப்பில் பிளேயரின் அமைப்புகளைத் திறந்து, பட்டியலிலேயே மிக ஒல்லியான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளை நிறம். எழுத்தைச் சுற்றி அவுட்லைன் இல்லை, பின்னணிப் பெட்டி இல்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

"படிக்க முடியுதா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

"சூப்பரா முடியுது," என்றேன். திரைக்கும் என் மூக்குக்கும் ஒரு சாண் இடைவெளி.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகை. அக்காவும் வந்திருந்தாள். படம் முழுக்க பனி. ரயில் பாதையில் விழுந்த பனியை அள்ளிப் போடும் கூலியாட்களையும் அவர்களை மேய்க்கும் ஓர் அதிகாரியையும் பற்றியது. வெள்ளைப் பனியின் மேல் வெள்ளை எழுத்து. முதல் பத்து நிமிடம் படம் ஊமைப்படமாக ஓடியது. கடைசி பெஞ்சிலிருந்து கழகத் தலைவர் கைதட்டினார்.

"மௌனத்தை என்னமா கையாண்டிருக்கான்!"

"தலைவரே, அவங்க பேசிட்டுத்தான் இருக்காங்க."

நான் அமைப்புகளுக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்பு அவுட்லைனை அது போகும் மட்டும் தள்ளினேன். இந்தப் பிளேயரில் எழுத்தின் தோற்றத்தை மாற்றினால் படத்தை மூடித் திரும்பத் திறக்க வேண்டும், அப்போதுதான் மாறும். மூடித் திறந்தேன். இப்போது எழுத்து தெரிந்தது. அதிகாரி ஆட்களை வரிசையில் நிறுத்தி முறைத்தார். தலைவர் உரக்கப் படித்தார்.

"பனியில் சேர்ந்து எத்தனை வருடம் ஆகிறது?"

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"பனிக்கு வராதவனுக்குச் சாப்பாடு கிடையாது," என்று தலைவர் தொடர்ந்தார். அடுத்த காட்சியில் வானம் பிய்த்துக்கொண்டு பனி கொட்டிக்கொண்டிருக்க, அதிகாரி கையைத் தூக்கினார். "பனி நின்றுவிட்டது!"

மின்விசிறிக்காரர்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் விழித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அது பணி!" என்றாள் அக்கா. "மூணு சுழி ண! பணி நின்னுடுச்சு, வேலை நின்னுடுச்சு!"

"இங்கேருந்து பார்த்தா சுழியே இல்லைம்மா. ரெண்டு கரி உருண்டைதான் தெரியுது," என்றார் தலைவர்.

நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். மனிதர் சொன்னது உண்மை. ஒல்லி எழுத்துக்குத் தடித்த அவுட்லைன் போட்டதில், சுழிகளுக்குள் இருக்க வேண்டிய காலி இடத்தையெல்லாம் கறுப்பு அடைத்துவிட்டது. மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"ஒரே நிமிஷம் அக்கா. 'பணி'ன்னு வர்ற இடமெல்லாம் 'வேலை'ன்னு மாத்திடறேன்."

"மாத்தினா நான் நாலு மாசமா செஞ்சதே போச்சு," என்றாள். "அந்த அதிகாரி மட்டும்தான்டா பணிம்பான். ஆளுங்க கடைசி வரைக்கும் வேலைன்னுதான் சொல்வாங்க. அவங்க மொழியிலயும் ரெண்டு வார்த்தை இருக்கு. கடைசி காட்சியில அதிகாரி ஓடிப்போயிடறான், கிழவன் ஒருத்தன் மட்டும் மண்வெட்டியோட நிக்கிறான். அப்ப முதல் தடவையா அவன் வாயில அந்த வார்த்தை வருது. 'இது என் பணி.' அதுக்காகத்தான் படமே."

"இப்ப அது 'இது என் பனி'ன்னு வரும்," என்றார் தலைவர். "அதுவும் கவிதையாத்தான் இருக்கு."

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு பெஞ்ச் பின்னால் போனார். அதற்குப் பின்னால் பெஞ்ச் இல்லை, சுவர்தான்.

அன்று காலை முழுவதும் அதே வேலை. எழுத்துருவை மாற்றினேன்: அகலமான, சுழிகள் வாய் திறந்து நிற்கிற, ஓரளவு தடிமனான எழுத்து. அவுட்லைனை மயிரிழைக்குக் குறைத்தேன். பனியிலிருந்து எழுத்தைப் பிரிக்கும் பொறுப்பைப் பின்னணிப் பெட்டியிடம் ஒப்படைத்தேன்: கறுப்பு, முக்கால் பங்கு அடர்த்தி, பின்னால் இருக்கும் படம் லேசாகத் தெரியும். எழுத்து அகலமானதால் நீளமான வசனங்கள் மூன்று வரிக்கு வழிந்தன. அக்கா தன் கோப்பைத் திறந்து, நாற்பத்தேழு இடங்களில் வரியை உடைத்து, பதினோரு இடங்களில் வார்த்தையைக் குறைத்தாள். முன்வரிசைத் தலைகள் மறைக்காதபடி வசனத்தின் இடத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். இட மாற்றத்துக்கு மட்டும் படத்தை மூடித் திறக்க வேண்டாம். விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு படியாக ஏறும்.

எங்கள் அம்மாவை வரவழைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம். அம்மாவின் கண்ணாடி பழைய பவர். அம்மா செய்தி வாசிப்பதைப் போல எல்லாவற்றையும் உரக்க வாசித்தாள்.

"பணி. மூணு சுழி. பனி. ரெண்டு சுழி. இந்தக் கிழவன் ஏன் ஸ்வெட்டர் போடல?"

"அம்மா, சுழி மட்டும் சொல்லு."

"மூணுதான்டா. நாலாவது வேணும்னா சொல்லு, எண்ணித் தர்றேன்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு எடிட்டர் மேடம் வந்தார். வரவேற்கப் போன தலைவரின் அழைப்பிதழை வாங்கி, அதில் ஒரு முற்றுப்புள்ளியைப் பேனாவால் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். அக்கா அதற்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். அறையில் நாற்பது பேர். சமோசா உண்டு என்று தலைவர் வதந்தி பரப்பியிருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகவே போனது. அதிகாரி பணி என்றார், நாற்பது பேரும் பணி என்றே படித்தார்கள். வானத்திலிருந்து பனி கொட்டியது, யாரும் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு வெயில் வந்தது.

கருத்தரங்க அறையில் திரைக்கு நேரெதிர்ச் சுவரில், கூரைக்குக் கீழே, ஒரு வென்டிலேட்டர் உண்டு. ஏணி வைத்தாலும் எட்டாது. ஒத்திகையைக் காலையில் வைத்ததால் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. அது மேற்கு. அதுவரை தரையில் ஊர்ந்துகொண்டிருந்த வெயில், திரையின் அடியில் ஒரு பட்டையாக ஏறி உட்கார்ந்தது. பெட்டியும் எழுத்தும் அதற்குள் கரைந்தன.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். 

விசையை நான்கு தடவை அழுத்தினேன். வசனம் வெயிலுக்கு மேலே ஏறியது. மூச்சு விட்டேன். சூரியன் கீழே இறங்க இறங்க எதிர்ச்சுவரில் வெயில் மேலே ஏறும் என்பதை அப்போதுதான் நேரில் பார்த்தேன். இயற்பியலில் நான் தவறவிட்ட பாடம். பத்து நிமிடத்தில் மறுபடி தொட்டுவிட்டது. மறுபடி இரண்டு படி. இப்படியே வெயில் துரத்த, வசனம் ஓட, நான் விசைமேல் விரலை வைத்துக் காவல் இருந்தேன். வசனம் ஆட்களின் முழங்காலில் இருந்தது, பிறகு இடுப்பில். நாலரைக்கு அதிகாரி தன் மார்பில் பதக்கம் போல வசனத்தைக் குத்திக்கொண்டு கத்தினார்.

கடைசி காட்சி. கிழவன் மட்டும் நிற்கிறான். கேமரா அவன் முகத்துக்கு நெருங்குகிறது. வெயில் அடியிலிருந்து திரையின் பாதியை நிறைத்து அவன் தாடையைத் தொட்டுவிட்டது. வசனம் வெயிலுக்கு மேலே வர வேண்டும் என்றால் அவன் வாய், மூக்கு, கண் ஏதாவது ஒன்றின் மேல்தான் பெட்டி விழும். அங்கேயே விட்டால் அந்த வார்த்தை வெயிலில் போகும். அடுத்த வசனம் அதுதான். அதற்குப் பிறகு படத்தில் வசனமே கிடையாது.

அவன் தலைக்கு மேலே கொஞ்சம் வானம் இருந்தது. பனி கொட்டிய வெள்ளை வானம். அவுட்லைனை மட்டும் நம்பியிருந்தால் அங்கே போகத் துணிந்திருக்க மாட்டேன். விசையை அழுத்தியபடியே பிடித்துக்கொண்டேன். திரையில் அப்போது வசனம் எதுவும் இல்லாததால் அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வழியில்லை. குத்துமதிப்பாக விட்டேன்.

கிழவன் வாயைத் திறந்தான். அவன் தலைக்கு மேலே, வெள்ளை வானத்தில், கறுப்புப் பெட்டி திறந்தது.

இது என் பணி.

யாரோ "ச்ச்" என்று உச்சுக் கொட்டினார்கள். மின்விசிறிக்காரர்களில் ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். படம் முடியும் வரை யாரும் சமோசாவைப் பற்றிக் கேட்கவில்லை.

விளக்குப் போட்டதும் தலைவர் மேடை ஏறிவிட்டார். "கவனிச்சீங்களா? உழைக்கிறவன் எழ எழ அவன் மொழியும் எழும்புது! காலடியில தொடங்கி வானத்துக்கே போயிடுச்சு!"

எடிட்டர் மேடம் என்னிடம் வந்தார். "அந்த மாதிரி யோசிச்சா செஞ்சீங்க?"

"இல்ல மேடம். வெயில்."

"நல்லவேளை." அக்காவின் பக்கம் திரும்பினார். "வேலை, பணி ரெண்டையும் கடைசி வரைக்கும் கலக்காம பிரிச்சு வச்சிருக்கீங்க. எங்க ஆளுங்களே முப்பதாவது நிமிஷத்துல மறந்துடுவாங்க. கடைசி வசனத்துல சுழியை எண்ணினேன். மூணு இருந்துச்சு. ஒண்ணாந்தேதி வந்துடுங்க." போகிற போக்கில் நின்றார். "ஆனா கேள்விக்குறிக்கு முன்னாடி இடைவெளி விடக் கூடாது. ரெண்டு இடம்."

எல்லோரும் போன பிறகும் அக்கா எழவில்லை. மேடம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். வெயில் திரையை விட்டு உத்தரத்துக்குப் போயிருந்தது.

"அந்தக் கடைசி சீனை இன்னொரு தடவை போடு. சப்டைட்டிலைப் பழைய இடத்துக்கே இறக்கு."

இறக்கிப் போட்டேன். கிழவனின் முகம் மறைக்க எதுவுமில்லாமல் முழுசாக வந்தது. வார்த்தை கீழே வந்து, நின்று, போனது. அக்கா அதைப் படிக்கவில்லை.

"அழறான்டா," என்றாள். "நாலு மாசமா இவன் வாய் எப்பத் திறக்குது, எப்ப மூடுதுன்னு மட்டும்தான் பார்த்திருக்கேன்."