முதல் வரியிலேயே முடியாது

மருத்துவமனைகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் அந்தச் சலவை ஆலையில், மேலாளர் அம்மாளுக்குக் ‘கத்தரி’ என்று பட்டப்பெயர். யார் எந்த விண்ணப்பத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் அதன் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே ‘இல்லை’ என்று எழுதுவார். காரணமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. விடுப்பு கேட்டவன் வாயைத் திறப்பதற்குள் அடுத்த தாள் மேஜைக்கு வந்திருக்கும்.

“நாய்க்கு எலும்பு போடுறவன்கூட ஒரு வார்த்தை கூப்பிட்டுத்தான் போடுவான்” என்று சொல்லிவிட்டு ஓர் ஓட்டுநர் வேலையை விட்டுப் போனார். அவரைத் தொடர்ந்து இன்னொருவரும் போனார்.

அந்தச் சமயம் பார்த்து முதலாளி எங்கோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். கழுத்தில் அட்டை, கையில் ஒரு பை, முகத்தில் ஞானம். திரும்பி வந்த அன்றே மேலாளரையும் பணியாளர் பிரிவு எழுத்தரையும் கூப்பிட்டார்.

“இனிமே இந்த ஆபீஸ்ல யாரும் மனசு நோகக் கூடாது. மறுக்கலாம், ஆனா மறுத்த மாதிரியே தெரியக் கூடாது. பூ மேல பனி விழுற மாதிரி இருக்கணும்.”

“பனி விழுந்தது பூவுக்குத் தெரிய வேண்டாமா சார்?” என்று கேட்டார் மேலாளர்.

முதலாளிக்கு அது காதில் விழவில்லை. எழுத்தரைப் பார்த்துச் சிரித்தார். “முடிவு அவங்களோடது. எழுதுறது இனி நீங்க.”

எழுத்தருக்குப் பஞ்சு சார் என்று பெயர். தலை நரைத்ததால் வந்த பெயரில்லை, பேச்சால் வந்தது. கடைக்காரன் அழுகின தக்காளியைப் போட்டால்கூட ‘பரவாயில்லைங்க, குழம்புக்கு ஆகும்’ என்று வாங்கி வருகிற ஆள். இப்படி ஒரு பொறுப்பு தன்னைத் தேடி வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ஒரு புதுப் பேனாவே வாங்கிவிட்டார்.

முதல் விண்ணப்பம் ரோலர்காரம்மாவிடமிருந்து வந்தது. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே சுருக்கமில்லாமல் செலுத்துவது அவள் வேலை. கொஞ்சம் கோணலாய் விட்டால் துணி மடங்கிக்கொள்ளும், அவசரப்பட்டால் விரல் சுடும். அக்கா வீடு மாறுகிறாள், வெள்ளியும் சனியும் விடுப்பு வேண்டும் என்று எழுதியிருந்தாள். மேலாளர் வழக்கம்போல் கோடு இழுத்தார். ரோலருக்கு இருந்த இன்னொரு பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வேறு ஆளில்லை.

பஞ்சு சார் இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதினார்:

‘தங்கள் விண்ணப்பம் கண்டு நெகிழ்ந்தோம். உடன்பிறந்தவருக்குத் தோள் கொடுக்கத் துடிக்கும் தங்கள் பண்பு எங்கள் அனைவருக்கும் பெருமை. தற்போதைய சூழலில் தங்கள் விருப்பத்தை நிறைவேற்றுவதில் நிர்வாகத்துக்கு உள்ள சில நுட்பமான சங்கடங்களைத் தாங்கள் பெருந்தன்மையோடு புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம். தங்கள் அக்காவின் புதிய இல்லம் சிறக்க வாழ்த்துகள்.’

நகலை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தாள்.

“பரவாயில்லையே, லீவு குடுத்துட்டீங்களா? பாவம், போயிட்டு வரட்டும்.”

“குடுக்கலடி. மறுத்திருக்கேன்.”

“எங்க?”

“அதான், ‘நுட்பமான சங்கடங்கள்’னு இருக்கு பாரு.”

அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டு, “வாழ்த்து வேற சொல்லியிருக்கீங்க” என்றாள். அலுவலக நடை வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று பஞ்சு சார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதே வாரத்தில் இன்னும் இரண்டு வந்தன. மடிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் புதிய தள்ளுவண்டிகள் வாங்கப் பணம் கேட்டிருந்தார். கிடங்குக்காரர் விரிப்பு இருப்புக் கணக்கை முடிக்க இன்னொரு வாரம் அவகாசம் கேட்டிருந்தார். இரண்டுக்கும் மேலாளரின் கோடு. வண்டிக்குப் பஞ்சு சார், ‘தங்கள் தொலைநோக்கு இந்நிறுவனத்தின் சொத்து, சக்கரங்கள் உருளும் காலம் கனிந்து வருகிறது’ என்று எழுதினார். கணக்குக்கு, ‘அவசரம் என்பது தரத்தின் எதிரி என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம்’ என்று எழுதினார். இதில் மறுப்பு எங்கே இருந்தது என்று பின்னால் அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலாளி மூன்றையும் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை ரோலருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. துவைக்கும் இயந்திரங்கள் ஈர விரிப்புகளைக் கக்கிக்கொண்டே இருந்தன. குவியல் இடுப்பு உயரம் வந்தது, பிறகு தோளுயரம். வாசலில் ஒரு லாரி வந்து நின்று பளபளவென்று தள்ளுவண்டிகளை இறக்கியது. “பில்லு யாருக்கு?” என்று ஓட்டுநர் கேட்டதற்கு மேற்பார்வையாளர் பெருமையோடு முதலாளியின் அறையைக் காட்டினார். இந்தக் கூத்துக்கு நடுவில் மருத்துவமனையின் துணிப்பொறுப்பு அதிகாரி இருப்புக் கணக்கை வாங்க வந்து சேர்ந்தார். கிடங்குக்காரர் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்து, “தரம் முக்கியம் சார், அடுத்த வாரம் வாங்க” என்றார்.

மேலாளர் சத்தம் போடவில்லை. சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு தானே ரோலருக்கு முன்னால் நின்றார். பழக்கமில்லாத கை, இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டது. மாலைக்குள் பாதித் துணிதான் ஆனது. மீதி ஈரத்திலேயே கிடந்து நாற்றமடித்து மறுபடி துவைக்கப் போனது.

முதலாளி தள்ளுவண்டி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, “கடிதம் எல்லாம் அருமையாத்தானே இருந்துச்சு?” என்றார்.

“அருமையா இருந்துச்சு சார்” என்றார் மேலாளர், விரலில் மருந்து தடவியபடி. “நான் ‘இல்லை’ன்னு எழுதின காலத்துல ஆளுங்க என்னைத் திட்டினாங்க. ஆனா ஒருத்தரும் வண்டி வாங்கல.”

திங்களன்று ரோலர்காரம்மா வந்தாள். இரண்டு நாள் அனுமதியில்லாமல் வரவில்லை என்று சம்பளப் பட்டியலில் குறிப்பு இருந்தது. நேராகப் பஞ்சு சாரின் மேஜைக்கு வந்து அவர் எழுதிய கடிதத்தைப் பிரித்துப் போட்டாள்.

“இதுல எங்க சார் வரக்கூடாதுன்னு இருக்கு? வாழ்த்தெல்லாம் சொல்லியிருக்கீங்கன்னு எங்க அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன். அவ அழுதே போயிட்டா.”

“மனசு நோகக் கூடாதுன்னுதான்மா...”

“யாரு மனசு? நீங்க ‘இல்லை’ன்னு எழுதியிருந்தா நான் உங்களை நாலு வார்த்தை திட்டிட்டு அக்காவை ஞாயித்துக்கிழமை மாறச் சொல்லியிருப்பேன். சாமான் ஏத்துற லாரிக்காரனும் ஞாயிறுன்னாலும் வரேன்னுதான் சொன்னான். இப்ப சம்பளமும் போச்சு, சொல்லாம ஓடிப்போனவள்னு பேரும் ஆச்சு. எனக்கு மெத்தை போடுறேன்னு சொல்லி, நீங்கதான் சார் அதுல படுத்துக்கிட்டீங்க.”

பஞ்சு சாருக்குச் சுரீர் என்றது. திரும்பத் திரும்ப யோசித்தார். அந்தக் கடிதம் எழுதும்போது அவர் மனதில் இருந்தது ரோலர்காரம்மா இல்லை. ‘மறுத்தவன்’ என்ற பெயர் தனக்கு வந்துவிடக் கூடாதே என்பதுதான் இருந்தது. எழுந்து மேலாளர் அறைக்குப் போனார்.

“மேடம், அந்தம்மா மேல தப்பில்ல. என் எழுத்துல தப்பு. சம்பளம் பிடிக்க வேண்டாம்.”

“பிடிக்கல” என்றார் மேலாளர். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை.

வெளியே போகத் திரும்பிய பஞ்சு சார் நின்றார். “ஏன் பிடிக்கலன்னும் ஒரு வரி சொல்லலாம் மேடம். இல்லேன்னா, நான் கெஞ்சினதால விட்டீங்கன்னு அவங்க நினைப்பாங்க.”

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். ஆலைக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. “உக்காருங்க” என்றார்.

இருவரும் அந்தப் பழைய விண்ணப்பத்தையே எடுத்து வைத்துக்கொண்டு, அன்றே எழுதியிருக்க வேண்டிய பதிலை எழுதிப் பார்த்தார்கள். சண்டை சரியாகத்தான் நடந்தது. பஞ்சு சார் ‘நெகிழ்ந்தோம்’ என்று ஆரம்பித்தார். மேலாளர் அடித்தார். மேலாளர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுத் தாளைத் தள்ளினார். பஞ்சு சார் திரும்பத் தள்ளினார். ‘தற்போதைக்கு’ என்பதைச் சேர்க்கலாமா என்று அவர் கேட்டார்.

“அதைப் போட்டா மத்தியானமே வந்து ‘இப்ப?’ன்னு கேப்பா” என்றார் மேலாளர்.

கடைசியில் நின்றது இது:

‘வெள்ளி, சனி விடுப்பு தர முடியாது. ரோலரில் இப்போது நீங்கள் ஒருவர்தான்; இன்னொருவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். ஞாயிறு எப்படியும் ஆலை விடுமுறை; திங்கள் துணி குறைவு என்பதால் அன்று தர முடியும். வேண்டுமானால் புதனுக்குள் சொல்லுங்கள். அக்கா கேட்ட நாளில் நீங்கள் கூட இருக்க முடியாமல் போவதற்கு வருந்துகிறோம்.’

“வருத்தம் கடைசியில இருக்கட்டும்” என்றார் மேலாளர். “முன்னாடி வந்தா பதிலை மறைச்சிடும்.”

“ஆனா இருக்கட்டும்” என்றார் பஞ்சு சார்.

“இருக்கட்டும்” என்றார் அவர், கொஞ்சம் யோசித்துவிட்டு.

இதற்குள் மேலாளருக்கே ஒரு பதில் வந்து சேர்ந்தது. பிரசவத்துக்குப் போன பெண் திரும்பும்வரை ரோலருக்கு ஒரு தற்காலிக ஆள் போடப் பணம் கேட்டு முதலாளிக்கு எழுதியிருந்தார். முதலாளி தன் கைப்படப் பதில் எழுதியிருந்தார். கருத்தரங்கு இன்னும் அவரை விடவில்லை.

மேலாளர் தாளை நீட்டினார். இவ்வளவு காலத்தில் அவர் குழம்பிப் பஞ்சு சார் பார்த்ததில்லை. “படிச்சுப் பாருங்க. கிடைச்சுதா, கிடைக்கலையா?”

‘தாங்கள் இந்த ஆலையின் அச்சாணி. அச்சாணிக்குத் துணை தேவையா என்பதைக் காலம் நமக்குக் கனிவுடன் உணர்த்தும்.’

பஞ்சு சார் பெருமூச்சு விட்டார். இந்த நடையில் அவருக்குத் தெரியாத சந்து இல்லை. “கிடைக்கல மேடம். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இது ‘இல்லை’தான். ஆனா நான் சொல்றது பதிலாகாது. அவரே சொல்லணும்.”

இருவரும் சேர்ந்தே போனார்கள்.

“சார், ஆள் உண்டா?”

“பாருங்கம்மா, உங்க உழைப்பு இருக்கே...”

“உண்டா சார்?”

“எனக்கு ‘இல்லை’ன்னு சொல்ல மனசே வரலம்மா.”

“அப்ப உண்டு.”

“ஐயோ, இல்லை!” என்று அலறினார் முதலாளி. அலறிய பிறகு, எதையோ உடைத்துவிட்டவர்போல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நன்றி சார்” என்றார் மேலாளர். நிஜமாகவே நன்றியாகத்தான் சொன்னார். “ஆள் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை ரோலர் ஓடாது. ஆஸ்பத்திரிக்காரங்க ஞாயிறு கூடுதல் துணி எடுத்துக்கச் சொல்லிக் கேட்டாங்களே, அதுக்கு என்ன சொல்லியிருக்கீங்க?”

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். “மனம் நிறைய ஆவல் இருக்குன்னு சொல்லியிருக்கேன்.”

பஞ்சு சார் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ஞாயிறு கூடுதல் துணி எடுக்க முடியாது என்பது முதல் வரி. ரோலருக்கு ஆள் போதாது என்பது இரண்டாவது. மற்ற நாள் துணி வழக்கம்போல் நேரத்துக்கு வரும் என்பது மூன்றாவது. வருத்தம் கடைசியில். முதலாளி வாங்கிப் படித்தார், முகம் சுளித்தார்.

“‘எதிர்காலத்தில் வாய்ப்பு மலரும்’னு ஒரு வரி சேர்க்கலாமே?”

பஞ்சு சார் பேனாவை மூடினார். தக்காளிக் கடையில்கூட வராத சொல் அன்று அவர் வாயில் வந்தது.

“முடியாது சார்” என்றார். “அதைப் படிச்சா அவங்க அடுத்த ஞாயித்துக்கிழமை துணியை ஏத்தி அனுப்பிடுவாங்க. வேணும்னா, ரெண்டாவது ஆள் வேலைக்குத் திரும்பினதும் நாமளே தகவல் சொல்றோம்னு எழுதறேன். அது உண்மை.”

முதலாளி கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் துணிப்பொறுப்பு அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். முதலாளி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“கடிதம் வந்துச்சு சார். அப்பாடா! இதைப் போன மாசமே சொல்லியிருந்தா அப்பவே வேற இடத்துல பேசி முடிச்சிருப்பேன். சரி, ஞாயிறு துணியை அங்க அனுப்பிடறேன். மத்தது உங்களுக்கே.”

பேச்சு முடிந்ததும் முதலாளி ஒலிபெருக்கியை அணைத்தார். அதிகாரியின் குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. ஞாயிறு வருமானம் மட்டும் போயிருந்தது.

“என்னைப் பத்தி ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லலையே” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“இல்லை சார்” என்றார் பஞ்சு சார்.