கீல் சோதனை

பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவள் கடைக்காரனின் சிரிப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று தம்பி தொலைபேசியில் ஆயிரம் முறை சொல்லியிருந்தான். சொன்னதோடு விட்டானா? எதை எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலையும் அனுப்பிவிட்டான். திரை, விசைகள், துளைகள், பேட்டரி, கீல். "அக்கா, ஒண்ணைக்கூட விடாத. அவசரப்பட்டு தலையாட்டிட்டு வந்துராத. மாமா சும்மா இருந்தாலும் நீ சும்மா இருக்காத."

அவள் சும்மா இருக்கிற பெண்ணே இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒவ்வொரு குப்பியிலும் ஒட்டியிருக்கிற பெயரை இரண்டு தடவை படிக்காமல் கையைவிட்டு நகர்த்த மாட்டாள். அதே கண்ணோடுதான் கடைக்குள் நுழைந்தாள். பின்னால் கணவர், இடது கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரோ வேற்று ஆள் போல.

அந்தக் கை பையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. போன வருடம் பக்கவாதம் வந்து போனது. கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது. இடது கை மட்டும் பிடிகொடுக்கவில்லை. எதையும் பிடிக்காது, அழுத்தாது, சும்மா தொங்கும். வெளியாட்கள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுவது அவருக்கு ஆகாது. அதனால் வாசற்படி தாண்டினால் கை பைக்குள் போய்விடும்.

புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவர் தொழில். மாதக்கணக்கில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பதிப்பகத்திலிருந்து ஒரு புத்தகம் வந்தது. இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் தொடர்ந்து அனுப்புகிறோம் என்றார்கள். அன்றைக்குத்தான் மனுஷன் முகத்தில் களை வந்தது. நாலே நாளில் வீட்டிலிருந்த மடிக்கணினியின் கீல் உடைந்து, திரை ஒரு பக்கமாகச் சரிந்து, இருட்டிப்போனது. "அதுவா போச்சு" என்றார். மறுபடி சுவர். "எனக்கு இதெல்லாம் இனிமே சரிப்படாது, புத்தகத்தைத் திருப்பி அனுப்பிடலாம்" என்றும் சொன்னார். இன்னொரு முறை அவர் சுவரைப் பார்த்து உட்காருவதைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

"வாங்கக்கா, உட்காருங்க. சார், நீங்களும் உட்காருங்க" என்றார் கடைக்காரர். முப்பது வயது இருக்கும். வாய் நிறையப் பேச்சு. "எல்லாமே ஆபீஸ்ல இருந்து வந்த மெஷினுங்க. புதுசு மாதிரி."

"புதுசு மாதிரின்னா புதுசு இல்லைன்னுதானே அர்த்தம்? எடுங்க, பார்ப்போம்."

முதலில் வந்ததைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். திரை முழுக்க வெள்ளையாக்கச் சொன்னாள், அப்புறம் கறுப்பாக்கச் சொன்னாள். வெள்ளையில் ஒரு புள்ளிகூட அணைந்திருக்கவில்லை, கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசியவில்லை. பென் டிரைவை ஒவ்வொரு துளையிலும் செருகினாள். வலப்பக்கத்துத் துளையில் செருகி லேசாக ஆட்டியதும் டிரைவ் காணாமல் போனது, திரும்ப வந்தது, மறுபடி காணாமல் போனது.

"இது என்ன, கண்ணாமூச்சி ஆடுதா?"

"அக்கா, நீங்க ஆட்டாம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்."

"வீட்டுல மேசையை யாரும் இடிக்கவே கூடாதா? அடுத்ததை எடுங்க."

"சரியான ஆளுகிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்ததை எடுத்தார். சிரித்துக்கொண்டேதான் எடுத்தார், நல்லவர்தான். அவள் கணவரைப் பார்த்தாள். "ஏங்க, நீங்களும் கொஞ்சம் தட்டிப் பாருங்களேன்."

"நீயே பாரு. எல்லாம் ஒண்ணுதான்."

இரண்டாவது கணினி மெலிசு, பார்க்க லட்சணம். திரை சுத்தம். துளைகள் எல்லாம் இறுக்கம். சார்ஜர் முனையை ஆட்டினாலும் மின்சாரம் அறுபடவில்லை. கேமராவில் அவள் முகம் தெரிந்தது, அவ்வளவு கோபமாக இருக்கிறோமா என்று அவளுக்கே ஆச்சரியம். விசைகளை ஒவ்வொன்றாக அடித்து எழுத்து விழுகிறதா என்று பார்த்தாள். ஷிஃப்ட் விசையில் சந்தேகம் வந்து டக் டக்கென்று ஐந்து முறை தட்டியதும் திரையில் ஒரு பெட்டி எழும்பி ஏதோ கேட்டது.

"அது ஒரு தொல்லைக்கா. வேணாம்னு குடுத்துடுங்க."

"இருங்க" என்றார் கணவர். கடைக்குள் வந்ததிலிருந்து அவராகப் பேசிய முதல் வார்த்தை. "வேணும்னு குடு."

கடைக்காரருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில், ஒன்றை அழுத்திவிட்டுக் கையை எடுத்து அடுத்ததை அழுத்தலாம். வீட்டுக் கணினியில் அவரே தேடிக் கண்டுபிடித்து வைத்துக்கொண்ட வசதி. ஒற்றைக் கைக்கு அது போதும். அவள் வேணும் என்று கொடுத்தாள்.

பேட்டரியைச் சோதிக்க ஓர் அறிக்கை எடுக்கச் சொல்லியிருந்தான் தம்பி. எடுத்தார்கள். புதிதில் எவ்வளவு கொள்ளளவோ, அதில் முக்கால்வாசிக்கு மேல் இன்னும் இருந்தது. கடைசியில் கீல். மூடியை மெதுவாகத் திறந்து மூடி, காதை வைத்துக் கேட்டாள். கிறீச்சில்லை. கீலுக்கு அருகே விரிசல் இல்லை. எந்தக் கோணத்தில் விட்டாலும் திரை அப்படியே நின்றது.

"இரும்புக்கா! எவ்வளவு டைட்டா இருக்குன்னு பாருங்க."

"ஆமா" என்றாள். முதல்முறையாகச் சிரித்தாள். பட்டியலில் எல்லாம் முடிந்தது. "ஏங்க, இதையே எடுத்துடலாமா?"

"எடுத்துடு" என்றார் அவர். மூடியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பிடிக்காத கசாயத்தை நீட்டினால் சரி என்று வாங்கிக்கொள்கிற குரல். அது அவளுக்குத் தெரியாதா? தினம் காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறவள் அவள். அந்தக் குரலைப் பொத்தானைவிட நன்றாகத் தெரியும்.

அவளுக்கு ஏதோ உறுத்தியது. கணினியை மூடினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

மூடி திறக்கவில்லை. கணினி மொத்தமும் மூடியோடு சேர்ந்து மேலே வந்தது.

மறுபடி தூக்கினாள். மறுபடி முழுசாக வந்தது. மூலையைப் பிடித்து நெம்பினால் கொஞ்சம் வாய் பிளந்தது, ஆனால் திரை முறுக்கிக்கொண்டு, வலப்பக்கக் கீல் மட்டும் எல்லாப் பாரத்தையும் தாங்கி நின்றது.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் உடைந்ததும் அதே வலப்பக்கக் கீல்தான். ராத்திரி தூசி படிந்துவிடும் என்று தினமும் மடிக்கணினியை மூடிவைக்கிறவள் யார்? அவளேதான். மூடிவைத்துவிட்டு, காலையில் அவள் வேலைக்குப் போய்விடுவாள். முதல் நாள் மட்டும் "கொஞ்சம் வந்து திறந்து குடேன்" என்று கூப்பிட்டார். பேருந்துக்கு நேரமாகிறதென்று அவள் ஓடிவந்து திறந்து கொடுத்துவிட்டு ஓடினாள். அதற்கப்புறம் அவர் கூப்பிடவே இல்லை. பழகிக்கொண்டார் போல என்று அவள் நிம்மதியாக இருந்துவிட்டாள். அடி கூறுகெட்டவளே! அந்த வீட்டில் தனியாக, இந்த மூடியோடு அந்த மனுஷன் மல்லுக்கட்டியிருக்கிறார். அது உடைந்ததும் தன்னால்தான் என்று சொல்ல வாய் வராமல் "அதுவா போச்சு" என்றிருக்கிறார். அக்குவேறு ஆணிவேறாக எல்லாவற்றையும் சோதித்தவள், இரண்டு கையாலும் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் அந்தக் கணினியை மூடித் தள்ளி வைத்தாள்.

"தம்பி, இது வேணாம்" என்றாள் கடைக்காரரிடம். "கடையில இருக்கிற எல்லாத்தையும் மூடி இங்க வரிசையா வைங்க."

"அக்கா! இதுக்கு என்ன குறை? எடுத்துடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குறை ஒண்ணும் இல்ல. ரொம்ப டைட்டு."

"டைட்டா இருக்குன்னு வேணாம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதாங்க்கா." தலையும் புரியாமல் வாலும் புரியாமல் அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

அவள் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் தூக்கினாள். ஒன்று முழுசாக எழும்பியது. இன்னொன்று சுலபமாகத் திறந்தது, ஆனால் விட்டதும் மூடி தொப்பென்று பின்னால் விழுந்தது. மூன்றாவதில் விரல் நுழையவே இடமில்லை. கடைக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, கோபமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நகரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கால்சட்டைப் பையிலிருந்து இடது கையை எடுத்தார். அது தன் பாட்டுக்கு, விரல்கள் மடங்கி, தொங்கியது. கடைக்காரர் பார்த்தார். பார்க்கட்டும் என்பதுபோல் இவர் நின்றார். "எனக்குத்தானே வாங்குற. நான் பாக்கறேன்."

கடைக்காரர் உச்சுக்கொட்டவில்லை. "சார், இருங்க" என்று உள்ளே போய் ஒரு தடித்த கணினியைக் கொண்டுவந்தார். மேலே கீறல்கள், ஓரத்தில் பெயிண்ட் போயிருந்தது. "இதை யாரும் கேக்கறதில்ல, கனம்னு. அடிப்பாகம் நல்ல வெயிட்டு. இதைத் தூக்கிப் பாருங்க."

முன்விளிம்பில் விரல் நுழைய ஒரு பள்ளம் இருந்தது. அவர் ஒற்றை விரலை நுழைத்துத் தூக்கினார். அடிப்பாகம் மேசையோடு மேசையாகக் கிடந்தது. மூடி மட்டும் அமைதியாக எழுந்தது. விட்ட இடத்தில் நின்றது. மூடினார். திறந்தார். மேசையைத் தட்டிப் பார்த்தார், திரை ஆடவில்லை.

அவள் விடுவாளா? திரை, விசைகள், துளைகள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். எல்லாம் சரி. பேட்டரி அறிக்கையில்தான் மாட்டியது. பாதிக் கொள்ளளவுகூட மிச்சமில்லை. சார்ஜரைப் பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். இப்படி இருந்தால் தொடவே தொடாதே என்று தம்பி எழுதியிருந்தான். அவள் தயங்கினாள்.

"நான் என்ன இதைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்தப் போறேனா?" என்றார் கணவர். "மேசைக்குப் பக்கத்துலயே பிளக்கு இருக்கு. இதுதான் வேணும்."

இதுதான் வேணும். இந்த ஒரு வருடத்தில் எந்தப் பொருளையும் அவர் இதுதான் வேணும் என்று கேட்டதில்லை. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "கட்டிக் குடுங்க தம்பி" என்றாள். பேட்டரி வீங்கவில்லை என்பதை மட்டும் கணினியைச் சமதளத்தில் வைத்து, கீழே குனிந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள். வீங்கியிருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து, அப்போது எந்த வேணுமும் எடுபட்டிருக்காது.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் வேலையை நிறுத்தி நாற்காலியைப் பின்னால் தள்ளியதும், சமையல் முடித்து வந்தவள் பழக்கத்தில் மூடியில் கை வைத்துவிட்டு, சட்டென்று எடுத்தாள்.

"இல்ல, திறந்தே இருக்கட்டும். தூசி படிஞ்சா துடைச்சுக்கலாம்."

"மூடு" என்றார்.

"வேணாங்க…"

"மூடுன்னா மூடு."

மூடினாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளத்தில் விரலை நுழைத்து, மூடியைத் திறந்தார். திரை வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். பெரிய ஆளுதான்" என்றாள்.

"சரியா பாக்கல நீ. இன்னொரு தடவை மூடு."

அவள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை மூடினாள்.