இரண்டாவது இடது

சாலம்மா வழியைச் சரியாகத்தான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பஸ்ஸைத் திட்டினேன், போனைத் திட்டினேன், போர்டு வைத்தவனைத் திட்டினேன். உண்மையை ஒரு தடவையாவது சொல்ல வேண்டும்.

நைனார்பாளையத்தில் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்பவள் சாலம்மா. அவள் மகள் அமிர்தம் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்திருந்தாள். அரசு ஆஸ்பத்திரி வேலைக்குச் சென்னையில் பரீட்சை. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்கு மேல் யாரையும் விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அம்மாவும் மகளும் முந்தின நாளே பஸ் ஏறிப்போய், பஸ் ஸ்டாண்டிலேயே படுத்திருந்து, காலையில் போவதாக இருந்தார்கள்.

நான்தான் குறுக்கே புகுந்தேன். "அங்க எதுக்குப் போய்ப் படுத்துக் கெடக்கணும்? நாளைக்கு நானே கார்ல மெட்ராஸ் போறேன். விடியக்காலைல கெளம்புனா எட்டு மணிக்கு வாசல்லயே எறக்கி உட்டுர்றேன்" என்றேன். சாலம்மா தயங்கினாள். "உங்களுக்கு எதுக்கு தம்பி செரமம்?" என்றாள். அந்தத் தயக்கத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பயம் என்று இப்போது தெரிகிறது.

வண்டி ஓட்டுவதில் எனக்குத் திமிர் உண்டு. கரியாலூர் மலைப்பாதையில் எதிரே கை நீட்டினால் விரல் தெரியாத பனியிலும் ஓட்டியிருக்கிறேன். அங்கே எங்கள் வழக்கம் ஒன்றுதான். முன்னால் வெள்ளிமலை பஸ் போனால் அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது திரும்பினால் திரும்பு, நின்றால் நில். அந்த டிரைவருக்கு வளைவெல்லாம் மனப்பாடம். இருபது வருஷமாக அது என்னைக் கைவிட்டதில்லை.

செங்கல்பட்டு தாண்டும்போதே மணி ஏழரை. முகூர்த்த நாள் என்பதை நான் யோசிக்கவில்லை. வழியெல்லாம் கல்யாண வேன்கள். பின் சீட்டில் அமிர்தம் நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தாள். சாலம்மா ஜன்னல் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எட்டேகாலுக்கு அந்தப் பெரிய மேம்பாலம் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பாதைகள். பக்கத்துக்குப் பக்கம் வளைந்து இறங்கும் கிளைகள். பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் வலது பக்க ரோட்டில் மூன்று கிலோமீட்டர். இவ்வளவுதான் விஷயம்.

"தம்பி" என்றாள் சாலம்மா. "மொத லெஃப்டு வேணாங்க. நம்ம ரோடு பாலத்து மேல ஏறும். அதத் தாண்டுனதும் லெஃப்டுல இன்னொரு வழி வரும். அதுல எறங்குனா சுத்திக்கினு வந்து வலது பக்கம் போற ரோட்டுல உடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வலது பக்கம் போறதுக்கு எதுக்கு லெஃப்டுல எறங்கணும்? உனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்?"

"இந்தப் பாலத்துல ரெண்டு வருசம் சித்தாளா இருந்தேன். இவ கைக்கொழந்த. அந்தத் தூணுலதான் ஏணை கட்டி உட்டிருந்தேன். எந்த வழி எங்க போவுதுன்னு மேஸ்திரி சொல்லிக்கினே இருப்பாரு."

"சரி சரி, நீ சும்மா வா. போன் சொல்லும்."

போன் சொல்லத்தான் செய்தது. "இடது பக்கமாக இருங்கள்" என்றது. எந்த இடது? பாலத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மேலே இருந்த பச்சைப் போர்டில் மூன்று அம்புகள், அவற்றில் இரண்டு இடது பக்கம். எழுத்தைப் படிப்பதற்குள் ஒரு லாரி மறைத்துவிட்டது. தரையில் போட்டிருந்த அம்புக்குறி தேய்ந்து கிடந்தது. பின்னால் ஹாரன்.

அப்போதுதான் எனக்கு முன்னால் அந்த பஸ்ஸைப் பார்த்தேன். பின் கண்ணாடியில் 'கள்ளக்குறிச்சி – சென்னை' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர் பஸ். மனசு அப்படியே லேசாகிவிட்டது. பஸ் இடது இண்டிகேட்டர் போட்டது. நானும் போட்டேன்.

"தம்பி, இது இல்லீங்க" என்றாள் சாலம்மா. மெதுவாகச் சொன்னாள். ஒரே ஒரு தடவை.

நான் பஸ்ஸின் பின்னாலேயே இறங்கினேன். அது கோயம்பேட்டுக்குப் போகிற பஸ். இடது பக்கம் போவது அதற்குச் சரி. பாதி வளைவில் எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் போக வேண்டிய பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறோம். இரண்டு பக்கமும் இடுப்பு உயரச் சுவர். பிரேக்கில் கால் வைத்தேன். ரிவர்ஸ் எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பின்னால் வந்த வேன்காரன் போட்ட கத்தலில் அந்த எண்ணம் செத்தது. ஒருவழிச் சரிவில் பின்னால் போனால் பரீட்சைக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த யூ டர்ன் எங்கே என்று பார்த்தேன். முதலாவதைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். இரண்டாவது இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அதற்கும் கல்யாண மண்டபத்து வாசல் கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து போனோம். திரும்பி வரும்போது மணி எட்டு நாற்பத்தெட்டு. மறுபடியும் அதே பாலம், இந்த முறை கீழிருந்து.

"எந்தப் பக்கம் சாலம்மா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் வழி கேட்டேன்.

"எதுலயும் திரும்பாதீங்க. நேரா பாலத்துக்கு அடியில போங்க."

நேராகப் போனேன். அவள் சொன்னபடியே எல்லாம் இருந்தது. பாலத்துக்கு அடியில் நுழைகிறபோது, மேலிருந்து சுற்றிக்கொண்டு இறங்கும் அந்த இரண்டாவது வழி இடது பக்கம் வந்து எங்கள் ரோட்டில் சேர்வதைப் பார்த்தேன். ஒரு பழைய ஆட்டோ அதில் நிதானமாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது ஒன்பது நாலு. கேட் மூடியிருந்தது. அமிர்தம் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹால் டிக்கெட்டை நீட்டினாள். வாட்ச்மேன் நல்ல மனுஷன், அவரே வருத்தப்பட்டார். "நாலு நிமிஷம்மா. நான் இன்னா பண்றது? உள்ள பேப்பர் குடுத்துட்டாங்க" என்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அமிர்தம் அழவில்லை. ஹால் டிக்கெட்டை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு என்னிடம், "பரவால்லண்ணா" என்றாள். அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பும் வழியில் திண்டிவனம் வந்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. "சாலம்மா, நீ கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கக் கூடாதா? என் தோளப் புடிச்சி ஆட்டியிருக்கக் கூடாதா?" என்றேன். தப்பு செய்தவன் நான், கேள்வி கேட்பதும் நான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "ஒரு தடவ சொன்னேன். சும்மா வான்னு சொன்னீங்க. அதுக்கப்பறமும் ஒரு தடவ சொன்னேன். மூணாவது தடவ சொன்னா கோச்சிக்குவீங்க தம்பி. நாளைக்குக் களை எடுக்க உங்க கொல்லைக்குத்தான வரணும்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். புளியமரத்தடியில் நின்று தண்ணீர் குடித்தேன். அவளிடம் மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் சாலம்மா களை எடுக்க வந்தாள். பக்கத்தில் அமிர்தமும் குனிந்திருந்தாள்.

அடுத்த பரீட்சை இரண்டு வருஷம் கழித்து வந்தது. தேதியைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து என் மனசு அதிலேயே இருந்தது. இந்த முறை முந்தின நாளே கிளம்பிவிடலாம், அவள் சொல்கிற பக்கம் மட்டும் திரும்பலாம் என்று எனக்குள்ளேயே பேசி வைத்திருந்தேன். முந்தின நாள் மத்தியானம் காரைக் கழுவித் துடைத்து, டீசல் போட்டு, அவர்கள் வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். "அவங்க காலைலயே பஸ்ஸுல போய்ட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலீங்களா?" என்றாள்.