மாம்பழம் விட்ட மூச்சு

சேலையூரில் எங்கள் தெருவில் அப்போது ஒரே வீட்டில்தான் ஏசி இருந்தது. ரத்தினபாய் டீச்சர் வீடு. அது ஓடும் சத்தம் எதிர்வீட்டில் எனக்குக் கேட்கும். கேட்காவிட்டால் டீச்சரே வந்து சொல்லிவிடுவார்.

மே மாதம் அவர் மகள் ஷர்மிளாவுக்கு நிச்சயதார்த்தம், வீட்டிலேயே. பூ அலங்காரம் முனைவீட்டு ஜெரூஷா. தோட்டக்கலை டிப்ளமோ முடித்த பெண்; இதுதான் முதல் ஆர்டர். சர்ச் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் டீச்சர் வைத்ததுதான் சட்டம். அவர் தலையாட்டினால் சபைக் கல்யாணம் அத்தனையும் ஜெரூஷாவுக்கு. உதட்டைப் பிதுக்கினால், அவள் அப்பா சொன்னபடி குரோம்பேட்டையில் கம்ப்யூட்டர் கிளாஸ்.

கோத்தகிரியிலிருந்து வெள்ளைக் கார்னேஷன் முந்தின நாள் காலை தாம்பரத்தில் பஸ்ஸில் வந்து இறங்கியது. கூடவே ரோஸ் நிற ஜெர்பரா. வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்து வேலை செய்ததை ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அடி இலைகளை உருவினாள். கார்னேஷன் தண்டில் கணுவை விட்டுவிட்டு இடைப்பகுதியில் சாய்வாக வெட்டினாள். கணுவில் வெட்டினால் தண்ணீர் ஏறாதாம். வாளித் தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை, சில சொட்டு பிளீச்சிங், எலுமிச்சை.

"பூவுக்கு ஜூஸா?" என்றேன்.

"சர்க்கரை சாப்பாடு, ஆன்ட்டி. பிளீச்சிங் இல்லேன்னா தண்ணியிலே கிருமி வளர்ந்து தண்டை அடைச்சிடும்."

சாயங்காலம் வாளிகள் டீச்சர் வீட்டு ஏசி அறைக்குப் போயின. வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

மறுநாள் காலை அங்கே டீச்சர் போட்ட சத்தத்துக்கு யாரும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நானே போய்விட்டேன்.

கார்னேஷன்கள் தூங்கிப்போயிருந்தன. இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு, கசக்கிய கைக்குட்டை மாதிரி. தண்ணீர் இருக்கிறது, தண்டு நிமிர்ந்திருக்கிறது. பூ மட்டும் கண்ணை மூடிக்கொண்டது. பக்கத்து வாளியில் ஜெர்பரா ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது.

"பழைய பூவைக் கொண்டாந்து தள்ளிட்டியே! பத்து மணிக்கு சபை ஐயர் வந்துடுவாரு. மாப்பிள்ளை வீட்டு முன்னாடி எனக்கு மானம் போகுது!" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

ஜெரூஷா மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று நினைத்தேன், மோப்பம் பிடித்திருக்கிறாள். நேராகக் கட்டிலுக்குப் பின்னால் போனாள். அங்கே ஜிகினா தாள் சுற்றிய சீர்த்தட்டுகள். பங்கனபள்ளி மாம்பழமும் மஞ்சள் வாழைச்சீப்பும் கமகமவென்று.

"டீச்சர், பழத்தை இங்க எப்போ வச்சீங்க?"

"ராத்திரிதான். வெளியே வச்சா அழுகிடும்ல? பூவுக்கு மட்டும்தான் ஏசியா?"

"பழுக்கிற பழத்துலேர்ந்து ஒரு வாயு வரும், டீச்சர். கார்னேஷனுக்கு அது ஆகாது. மூடின ரூம்ல ஒரு ராத்திரியிலே இப்படி ஆக்கிடும். ஜெர்பராவை அவ்வளவா ஒண்ணும் பண்ணாது, பாருங்க."

"மாம்பழம் மூச்சு விட்டுச்சு, பூ மயங்கிடுச்சு! கேட்டீங்களாம்மா இதை?" டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எதிர்வீட்டில் குடியிருக்க வேண்டுமே.

அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்தப் பெண். டிப்ளமோவில் உண்மையை எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தரவில்லை போலும்.

"என் மேலயும் தப்பு இருக்கு, டீச்சர். தோட்டத்துல வெள்ளி கலந்த மருந்துல தண்டை நிக்க வச்சு அனுப்புவாங்க. அப்படி வந்திருந்தா இந்த வாயுவைத் தாங்கியிருக்கும். கேட்டாத்தான் செய்வாங்க. நான் கேட்காம விட்டுட்டேன்."

"ஒத்துக்கிட்டியா! அதைத்தானே நான் அப்போலேர்ந்து சொல்றேன்!"

பிறகு அவள் கார்னேஷனைக் கழித்துவிட்டு, இருந்த ஜெர்பராவை மேடைக்கு நடுவில் மட்டும் கூட்டினாள். எடை தாங்காமல் கழுத்து மடியாதிருக்க ஒவ்வொரு தண்டுக்கும் ஸ்ட்ரா மாட்டினாள். ஓரங்களை மூடப் பச்சை இலைகள். மாப்பிள்ளை வீட்டார் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஆனால் ஆராதனை முடிந்து ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் ஓடியது வேறு: "பழைய பூதான், அவளே ஒத்துக்கிட்டாளாம்." மாம்பழத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது ருசியாக இருந்ததாக மட்டும் கேள்வி.

ஜெரூஷா கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ந்தாள்.

அடுத்து ஷர்மிளாவின் கல்யாணம் வந்தது. பூ குரோம்பேட்டைக் கடையிலிருந்து; மறுபடியும் வெள்ளைக் கார்னேஷன், மறுபடியும் அதே ஏசி அறை. சீர்த்தட்டுகளைப் பார்த்தேன். மாம்பழக் காலம் போய்விட்டதால் ஆப்பிளும் வாழையும். எல்லாம் வராந்தாவில், ஈரத்துணி போர்த்தி, வேர்த்துக்கொண்டு.

"ஏசியிலே வைக்கலையா, டீச்சர்?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அங்கே இடம் இல்லைம்மா," என்றார், என்னைப் பார்க்காமல்.

அந்த நேரம் பார்த்து ஜெரூஷா கிளாஸ் முடிந்து தெருவில் வந்தாள். டீச்சர் வீட்டு கேட் அருகே நடை தளர்ந்தது. வராந்தாவில் பழம், உள்ளே மூடிய கதவு. இரண்டையும் ஒருமுறை பார்த்தாள். டீச்சர் ஈரத்துணியைச் சரிசெய்வது மாதிரி குனிந்துகொண்டார்.

அவள் புத்தகப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை பூக்கள் விரிந்தே நின்றன. "பார்த்தீங்களா, புதுப் பூன்னா இப்படி இருக்கணும்," என்றார் டீச்சர், வந்தவர்களிடமெல்லாம்.